உணவங்காடியில் கட்டணம்: இரண்டு நிமிடக் காணொளியில் எதைச் சொல்வது?

கேள்வி: அம்மாவும் பெரியம்மாவும் சிங்கப்பூர் உணவங்காடியில் கைப்பேசியால் பணம் கட்டப் பழக, இரண்டு நிமிடக் காணொளி எடுக்கப் போகிறேன். குரல்வழி விளக்கத்தில் என்ன சொல்ல வேண்டும், எவ்வளவு சொல்ல வேண்டும்?

பதில்: வங்கிச் செயலியைப் பதிவிறக்குவது, அதில் உள்நுழைய ஏற்பாடு செய்வது எல்லாம் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முடித்துத் தர வேண்டிய வேலை. காணொளியில் கடையில் ஒட்டியிருக்கும் எஸ்ஜிகியூஆர் என்ற கட்டணக் குறியீட்டை ஸ்கேன் செய்து கட்டுவது மட்டும் போதும். நிதானமாகப் பேசி, விரல் திரையைத் தொடும்போதெல்லாம் நிறுத்தினால், இரண்டு நிமிடத்தில் நூற்றுச் சொச்சம் சொற்களே அடங்கும். சில வங்கிச் செயலிகளில் திரைப்பதிவு வெறும் கறுப்பாக வரும். ஆகவே அவர்கள் பயன்படுத்தும் அதே செயலியை இன்னொரு கைப்பேசியால் மேலிருந்து படமெடுங்கள்.

இப்படிப் பேசலாம்:

“அம்மா, பெரியம்மா, தோசைக் கடைக்கு நாலரை வெள்ளி கட்டுவோம். கேமராவைத் திறக்காதீங்க, வங்கிச் செயலியைத் திறங்க. (நிறுத்தம்) Scan என்பதைத் தொடுங்க. குறியீடு முழுசும் கட்டத்துக்குள்ள தெரியணும். பிடிக்கலன்னா கையைக் கொஞ்சம் பின்னால இழுங்க. விளக்கு பளிச்சுன்னு அடிச்சா சாய்ச்சுப் பிடிங்க. (நிறுத்தம்) பெயர் வருது. கடைக்காரர்கிட்ட காட்டி, ‘இது உங்க கடைதானா?’ன்னு கேளுங்க. இப்போ தொகை: நாலு, புள்ளி, அஞ்சு, சைபர். திரையில இருக்கிறதை வாய்விட்டுப் படிங்க. நாலரை வெள்ளின்னா மட்டும் அடுத்த பொத்தான். பணம் போனதும் திரையைக் கடைக்காரர்கிட்ட காட்டுங்க.”

பெயரைக் கேட்கும் இடத்தில் அவசரப்பட வேண்டாம். பலகையில் ஒரு பெயரும் திரையில் நிறுவனப் பெயரும் இருப்பது சகஜம், அதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்ல முடியாது. ஆனால் அசல் குறியீட்டின் மேல் வேறு ஒட்டுவில்லை ஒட்டப்பட்டிருந்தால், அதைக் கண்டுபிடிக்க இந்தப் பெயர்தான் வழி. தொகையும் அப்படியே. கடைகளில் ஒட்டியிருக்கும் குறியீட்டில் பெரும்பாலும் தொகை இருக்காது, நாம்தான் தட்ட வேண்டும். 450 என்று தட்டினால் சில செயலிகள் நாலரை வெள்ளியாகவும், சில நானூற்றைம்பது வெள்ளியாகவும் எடுத்துக்கொள்ளும். படமெடுக்கும் முன் அவர்கள் செயலியில் எப்படி என்று பாருங்கள்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் பெரியவர்கள் மறுபடி பொத்தானை அழுத்திவிடுவார்கள். இதற்கு ஒரு வரி சேருங்கள்: “சுத்திக்கிட்டே இருந்தா மறுபடி அழுத்தாதீங்க. பரிவர்த்தனைப் பட்டியலைப் பாருங்க. அதுல இல்லன்னா ரொக்கமா கொடுத்துடுங்க.” ஆனால் அந்த நாலரை வெள்ளி பிறகு பட்டியலில் வருகிறதா என்று அன்று மாலை நீங்களும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஸ்கேன் செய்ததும் வேறு செயலியைப் பதிவிறக்கவோ அட்டை எண்ணைத் தரவோ சொன்னால், மூடிவிட்டு உங்களை அழைக்கச் சொல்லுங்கள். சந்தேகம் தீராவிட்டால் மோசடி பற்றிக் கேட்க 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண் இருக்கிறது. காணொளியைக் கொடுக்கும் அன்றே, அன்றாடப் பரிமாற்ற வரம்பை அந்தச் செயலி அனுமதிக்கும் அளவுக்குக் குறைத்து வையுங்கள்.