திரும்பப் பார்த்த இடத்தைக் கேள்வியோடு சேர்த்துப் படியுங்கள்

"பிரிக்பீல்ட்ஸில் எஸ்பிஎம் கூடுதல் கணித டியூஷன் நடத்துகிறோம். குவிஸை எத்தனை பேர் முடித்தார்கள், எந்த இடத்தைத் திரும்பப் பார்த்தார்கள் என்பதை வைத்து வீடியோ நன்றாகக் கற்றுத்தருகிறதா என்று சொல்ல முடியுமா?"

முடியும், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால். குவிஸை முடித்தவர்களின் எண்ணிக்கையில், பாதியில் போனவர்களின் குழப்பம் தெரியாது. திரும்பப் பார்த்த இடம் புரியாத இடமாகவும் இருக்கலாம், நோட்டில் எழுத நிறுத்திய இடமாகவும் இருக்கலாம். 2014-இல் எடெக்ஸ் இணையப் பாடத் தளத்தின் வீடியோக்களை ஆராய்ந்தவர்கள், பலர் ஒரே இடத்தில் திரும்பப் பார்ப்பது போன்றவற்றால் எழும் உச்சங்களை வகைப்படுத்தி, அவற்றில் 61 விழுக்காட்டில் திரைக்காட்சி மாறியிருந்ததைக் கண்டார்கள். ஸ்லைடு சீக்கிரம் போய்விட்டால் மாணவர் அதைத் தேடிப் பின்னால் போவார்.

அதனால் ஒவ்வொரு கேள்வியையும் வீடியோவின் ஒரு துண்டோடு இணைத்து, முதல் முயற்சியின் பதிலை மட்டும் எடுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காகத்தான். 2x² − 8x + 5-ஐ வர்க்கப் பூர்த்தி செய்யும் 9 நிமிட வீடியோ. 120 பேர் தொடங்கி, 74 பேர் குவிஸை முடிக்கிறார்கள். முடித்தவர்களில் 30 பேர் 4:10 முதல் 4:50 வரை திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் துண்டுக்கான மூன்றாம் கேள்வியில் இந்த 30 பேரில் 9 பேர்தான் சரி. மற்ற 44 பேரில் 32 பேர் சரி.

"அவர்கள் பலவீனமான பிள்ளைகள்" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். வேறொரு துண்டைச் சேர்ந்த முதல் கேள்வியைப் பாருங்கள். அதில் 30-இல் 24, 44-இல் 36 சரி என்றால் இரு குழுவும் ஏறக்குறைய சமம். கோளாறு அந்த 40 வினாடியில் இருக்கிறது.

என்ன கோளாறு என்பதைத் தவறான விடை சொல்லும். சரியான விடை 2(x − 2)² − 3. தவறிய 33 பேரில் 22 பேர் 2(x − 2)² + 1 என்று எழுதியிருந்தால், அடைப்புக்குள் இருந்த −4-ஐ வெளியே எடுக்கும்போது 2-ஆல் பெருக்கவில்லை. அந்த வரியை மட்டும் திரையில் நிறுத்தி, மெதுவாகப் பெருக்கிக் காட்டி மறுபதிவு செய்யுங்கள். அடுத்த அணிக்கு எண்ணை மாற்றிக் கேளுங்கள்.

74 பேரை வைத்து என்ன சொல்ல முடியும் என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், ஓரிரு பேர் வித்தியாசத்துக்கு அர்த்தமில்லை. இங்கே இருப்பது அவ்வளவு சிறிய இடைவெளியல்ல.

எண்ணும்போது ஒரு மாணவரை ஒரு முறை மட்டும் எண்ணுங்கள்; ஒரே பிள்ளை ஆறு முறை தட்டினாலும் உச்சம் எழும். குவிஸ் திறந்த பிறகு விடை தேடிப் பின்னால் போனதைத் தனியாக ஒதுக்குங்கள். எஸ்பிஎம் நெருங்கும்போது மீள்பார்வைக்காகத் திரும்ப வருவதையும் அப்படியே.

பார்வை எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டு ஆசிரியரின் திறமையை எடைபோடும் நிர்வாகங்கள் நம்மிடையே அதிகம். மூன்றாம் கேள்வியின் தவறான விடைகளை ஒரு தாளில் அச்சிட்டு அந்த நிர்வாகத்தின் மேசையில் வையுங்கள்.