ஆலோசகருக்கு அனுப்பும் குறிப்பில் எதை எழுதலாம்?

"எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் யாரிடமும் பேசுவதில்லை. 'மன அழுத்தத்தில் இருக்கிறான், வீட்டில் பிரச்சினை போல' என்று ஆலோசகருக்கு எழுதினேன். எச்.எம். திருப்பி அனுப்பிவிட்டார். எப்படித்தான் எழுதுவது?"

அந்த இரண்டும் நீங்கள் பார்த்தவை அல்ல, ஊகித்தவை. மன அழுத்தமா என்று சொல்ல வேண்டியவர் ஆலோசகர். நீங்களே எழுதிவிட்டால் அந்தப் பெயர் பையன்மேல் ஒட்டிக்கொள்ளும். பார்த்ததைத் தேதியோடு எழுதுங்கள்:

"ஜூலை வரை கேள்வி கேட்டால் கை தூக்குவான். ஆகஸ்ட் 4 முதல் மூன்று வாரமாகத் தூக்கவில்லை. மதிய இடைவேளையில் வகுப்பிலேயே தனியாக இருக்கிறான். ஐந்து நாள் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை."

அந்த முதல் வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், சுபாவமே அமைதியா, இப்போது மாறியதா என்று ஆலோசகருக்குத் தெரியாது.

வீட்டு விஷயத்தை அவனே சொல்லியிருந்தால் மட்டும், அவன் வார்த்தையிலேயே எழுதுங்கள். பிறர் சொன்னது வேண்டாம். குறிப்பை உறையில் போட்டு ஒட்டி, ஆலோசகர் கையிலேயே கொடுங்கள். ஸ்டாஃப் வாட்ஸ்அப் குழுவில் பெயரைக்கூடப் போடாதீர்கள். அனுப்புவதை அவனிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தால் இந்தக் குறிப்பு போதாது. போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.