மூத்திரம் குறைந்தால் மருந்து கூடிவிடும்

"அம்மாவுக்கு 61 வயது, கருப்பை வாய் புற்றுநோய். வலது காலில் கரண்ட் அடிப்பதுபோல் வலி. டாக்டர் மார்ஃபின் 10 மி.கி. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறையும், இரவில் நரம்பு வலிக்கென்று பிரீகாபலின் 75 மி.கி.யும் கொடுத்தார். டிரமடால் தராமல் நேரே மார்ஃபினா? அடிமையாகிவிடுவார் என்று நெட்டில் படித்துவிட்டு, வலித்தால் மட்டும் மார்ஃபின் தருகிறேன். பிரீகாபலினை மூன்று வேளை ஆக்கிவிட்டேன். நாலு நாளாகத் தூங்கி வழிகிறார், கை திடுக் திடுக்கென்று துள்ளுகிறது, மூத்திரமும் குறைவு. கடைசிக் கட்டமா டாக்டர்? அக்காவின் டுலோக்செட்டின் மாத்திரை மிச்சம் இருக்கிறது, அதைத் தரலாமா?"

முதலில் ஒரு வேலை. அம்மா தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். பத்துக்கும் குறைவாக இருந்தாலோ, தோளைத் தட்டிக் கூப்பிட்டும் கண் திறக்காவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்திருந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். இதைப் படித்து முடிக்க வேண்டாம். கூப்பிட்டதும் விழித்துச் சரியாகப் பேசுகிறார் என்றால், அடுத்த வேளை மருந்தை நிறுத்தி வைத்துவிட்டு அவருடைய டாக்டருக்குப் போன் போடுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் இன்றைக்கே நடக்க வேண்டும். நாளைக்கு அல்ல.

கடிதத்தில் என்னை நிறுத்தியது துள்ளும் கையும் குறைந்த மூத்திரமும்தான். கருப்பை வாய்க்கு இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல சிறுநீரகக் குழாய்கள் இறங்குகின்றன. கட்டி பக்கவாட்டில் பரவினால் அவற்றை நெரித்துவிடும். இரண்டும் அடைபட்டால் சிறுநீரகம் நின்றுபோகும். பிரீகாபலின் உடம்பில் உடைவதே இல்லை என்று சொல்லலாம், போட்டது அப்படியே மூத்திரத்தில்தான் வெளியேற வேண்டும். மார்ஃபினைக் கல்லீரல் உடைக்கிறது, ஆனால் உடைந்த துண்டுகளும் அதே வழியில்தான் போக வேண்டும். வழி அடைபட்டால் எல்லாம் ரத்தத்திலேயே தங்கிச் சேரும். போன வாரம் சரியாக இருந்த அளவு இந்த வாரம் அதிகமாகிவிடும். மயக்கம், தசைத் துள்ளல், கடைசியில் மூச்சு மந்தம் என்ற வரிசையில் அது தெரியும்.

ஒரு கணக்குப் பாருங்கள். மார்ஃபினை நீங்கள் குறைத்திருக்கிறீர்கள். மூன்று வேளை பிரீகாபலின் சேர்த்தால் 225 மி.கி. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் பலர் இதற்கு மேலேயே எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். அப்படியிருக்க, மார்ஃபின் குறைந்தும் அம்மா நாளுக்கு நாள் அதிகமாக மயங்குகிறார் என்றால், மருந்து வெளியே போகவில்லை என்றே சந்தேகப்பட வேண்டும். ஆகவே 'கடைசிக் கட்டமா' என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். குழாய் அடைப்புதான் காரணம் என்றால், முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்கு ஒரு டியூப் வைத்தோ, உள்ளே ஸ்டென்ட் போட்டோ மூத்திரத்தை வெளியேற்ற முடியுமா என்று பார்ப்பார்கள். பிரீகாபலினைக் கிரியாட்டினினுக்கு ஏற்றபடி பாதியோ, காலோ ஆக்குவார்கள். மார்ஃபினுக்குப் பதில், சிறுநீரகத்தை அவ்வளவாக நம்பியிராத ஃபென்டனைலுக்கு மாற்றலாம். நான் பார்த்த ஒரு அம்மா, டியூப் வைத்த மூன்றாம் நாள் காபியில் சர்க்கரை போதவில்லை என்று மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மார்ஃபினுக்கு அடிமை என்ற பயத்தை விடுங்கள். புற்றுநோய் வலிக்கு டாக்டர் கண்காணிப்பில் கொடுக்கும்போது அது அரிது. மார்ஃபின் ஆரம்பித்தால் சாவு நெருங்கிவிட்டது என்பதும் வெறும் பேச்சு. உலக சுகாதார நிறுவனம் 1986-இல் சொன்ன படிக்கட்டில் முதல் படி பாராசிட்டமால் வகை, இரண்டாவது கோடீன் வகை, டிரமடாலை இப்போது இதில்தான் சேர்க்கிறோம், மூன்றாவது மார்ஃபின். ஒவ்வொன்றிலும் கால் வைத்துத்தான் ஏற வேண்டும் என்று கட்டாயமில்லை, கடும் வலிக்கு நேரே மூன்றாவது படியில் தொடங்கலாம். உங்கள் டாக்டர் செய்தது சரி. பிரீகாபலின் இதில் ஒரு படியே அல்ல, கைப்பிடி மாதிரி. புற்றுக்கட்டி நரம்பை அழுத்தும் வலியில் எந்தப் படியிலும் கூடச் சேர்ப்பது. அது வேலை காட்டச் சில நாள் ஆகும், தூக்கமும் தலைசுற்றலும் தரும் என்பதால்தான் இரவு ஒரு வேளையில் தொடங்கி மெல்ல ஏற்றுகிறோம். நீங்கள் ஒரே தாவலில் மூன்று மடங்காக்கினீர்கள்.

மார்ஃபினை வலித்தால் மட்டும் தருவதும் தப்பு. மாத்திரை நாலு மணி நேரம்தான் நிற்கும், வலி வந்தபின் துரத்தினால் பிடிக்க முடியாது. கடிகாரப்படி கொடுக்க வேண்டும். ஆனால் புது அளவை டாக்டர் சொன்ன பிறகு, இன்றைய நிலைமையில் பழைய அளவில் அல்ல.

அக்காவின் டுலோக்செட்டினைத் தொடாதீர்கள். கீமோவுக்குப் பிறகு கால் எரிச்சலுக்கு அது நல்ல மருந்து. ஆனால் சிறுநீரகம் மோசமாகியிருந்தால் கொடுக்கவே கூடாது. டிரமடாலோடு சேர்ந்தால் அதுவே நடுக்கமும் படபடப்பும் கொண்டுவரும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நாலு நாளாக எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், எவ்வளவு மூத்திரம் போனது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். நீங்களாகக் கூட்டிய வேளைகளையும் மறைக்காமல் எழுதுங்கள்.