எட்டு வாரத் திட்டம், இரண்டு பொறுப்பாளர்கள்: யார் எதை முடிவு செய்வது?

கேள்வி: தங்கச்சிமடம் அருகே மகளிர் குழுக்களுக்குக் கடற்பாசி மிதவை அமைத்துக் கொடுத்து, முதல் அறுவடை வரை உடனிருந்து அறிக்கை தரும் எட்டு வாரத் திட்டத்தை நடத்துகிறேன். மூன்று வாரம் முடிந்துவிட்டது. களத்தைப் பார்ப்பவரும் பதிவுகளைப் பார்ப்பவரும் "இது என் வேலை, நீங்கள் ஏன் தலையிடுகிறீர்கள்" என்று மோதிக்கொள்கிறார்கள். ஒருவரை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். இன்னும் ஐந்து வாரமே இருக்கும் நிலையில், புதிதாக வருபவர் குழுத் தலைவிகளின் நம்பிக்கையைப் பெறுவதற்குள் திட்டமே முடிந்துவிடும். விதைத்த பாசி அறுவடைக்கு வர ஏறத்தாழ 45 நாள் ஆகும். முதல் வார இறுதியில் விதைத்திருந்தீர்கள் என்றால் அறுவடை எட்டாம் வாரத்தின் நடுவில் வரும். அறிக்கைக்கு மூன்று நான்கு நாள்தான் மிஞ்சும். இப்போது வாய்ச்சண்டையாக இருப்பது அந்த நாட்களில் பெரிதாக வெடிக்கும் என்பதால், இந்த வாரமே தீர்த்துவிடுவது நல்லது.

இருவரையும் தனித்தனியே அழைத்து, "உங்கள் வேலை என்ன?" என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் இருவருமே எல்லாவற்றையும் தம் வேலை என்பார்கள். "யாரையும் கேட்காமல் நீங்களே முடிவு செய்யலாம் என்று எவற்றை நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு, தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், இருவரும் உரிமை கோரும் வரிகள் நீங்கள் அஞ்சியதைவிடக் குறைவாகவே இருக்கும். மோதல் முழுவதும் அந்தச் சில வரிகளில்தான் இருக்கிறது.

உங்கள் திட்டத்தில் அத்தகைய ஒரு வரி, அநேகமாக, எடை போடுவதாக இருக்கும். பாசியைக் கரைக்குக் கொண்டுவந்ததும் எடை போட்டு முடித்தால் பெண்கள் வெயில் இருக்கும்போதே உலர்த்தத் தொடங்கலாம் என்பார் களப் பொறுப்பாளர். தண்ணீர் வடிந்த பிறகு, கயிறு கயிறாக, ஒரே முறையில் எடை போடாவிட்டால் எண்களை ஒப்பிடவே முடியாது என்பார் பதிவுப் பொறுப்பாளர். இரண்டுமே நியாயம். ஆனால் கரையில் நிற்கும் பெண்ணுக்கு இரண்டு விதமான உத்தரவு வருகிறது: "அக்கா வேற மாதிரிச் சொன்னாங்களே அண்ணே" என்று அவர் திகைத்து நிற்பார்.

இதை "இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டால் தகராறு அப்படியே தொடரும். ஊர் ஊராகப் பிரித்துக் கொடுப்பதும் உதவாது. ஆளுக்கொரு முறையில் எடுத்த எண்கள் அறிக்கையில் ஒட்டாது. வேலையை உடைத்து, ஒவ்வொரு முடிவுக்கும் ஒரே ஒருவர் பெயரை எழுதுங்கள். அறுவடை நாளும் நேரமும் களப் பொறுப்பாளரின் முடிவு, ஏனெனில் காற்றையும் கடலையும் அறிந்தவர் அவர். ஆனால் இரண்டு நாள் முன்பே மற்றவருக்குச் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு நேரம் வடியவிடுவது, எப்படி எழுதுவது என்பது பதிவுப் பொறுப்பாளரின் முடிவு. பதிவேட்டில் ஓர் எண் தவறாகத் தோன்றினால் அதைத் திருத்தும் உரிமையும் அவருக்கே, களப் பொறுப்பாளரிடம் விசாரித்த பிறகு.

அந்தத் தாள்களில் இருவருமே எழுதாமல் விட்டதையும் தேடுங்கள். இழப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. மிதவையின் அடிவலை கிழிந்து, ஓரா மீன் புகுந்து தளிரை மேய்ந்துவிட்டால், அதை முதலில் கவனிக்க வேண்டியவர் யார்? பெயர் இல்லையென்றால், எடை குறைந்த நாளில் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள்.

பிறகு இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, தொடக்கத்தில் எல்லை வகுக்காதது உங்கள் குறை என்று முதலில் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டபின் விட்டுக்கொடுப்பது இருவருக்கும் தோல்வியாகத் தெரியாது. முடிவுகளை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்து, எதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்பதைக் குழுத் தலைவிகளிடமும் சொல்லுங்கள். பெரிய பொறுப்பு அட்டவணை எல்லாம் ஐந்து வார வேலைக்குத் தேவையில்லை.

அடுத்த ஒரு வாரம் கவனியுங்கள். ஒரே விஷயத்துக்காக இருவரும் தனித்தனியே உங்களுக்குத் தொலைபேசியில் அழைப்பது நின்றிருந்தால் ஏற்பாடு வேலை செய்கிறது. இன்னும் அழைக்கிறார்கள் என்றால், அந்த விஷயத்துக்கு எழுதிய வரி தெளிவாக இல்லை. அதை மட்டும் திருத்துங்கள். வரிகள் தெளிவாக இருந்தும் மனத்தாங்கல் தீரவில்லை என்றால், சண்டை வேலையைப் பற்றியதே அல்ல. அறிக்கையில் யார் பெயர் முதலில் வரும், நிதி அளித்தவர்கள் முன் யார் பேசுவார் என்பதை அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அந்த இரண்டையும் அறுவடைக்கு முன்பே நீங்களாக எடுத்துப் பேசி முடிவு செய்துவிடுங்கள்.