கொட்டையா, கோப்பையா?

கேள்வி: ஒரு நாளைக்கு நாலு கப் காபி குடிப்பவள் நான், பாலும் கப்புக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்த்து. கொஞ்சம் கூடிப்போனால் மறுநாளே தாடையில் பரு வந்துவிடுகிறது. தோலுக்கும் சீக்கிரம் வயசாகிவிடும் என்கிறார்கள். காபியை விட்டுவிடட்டுமா?

பதில்: அந்த ‘மறுநாளே’யை முதலில் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் பருவைப் பற்றிய பாதித் தப்பெண்ணங்கள் அங்கேதான் பிறக்கின்றன. பரு ஒரே ராத்திரியில் முளைப்பதில்லை. மயிர்க்காலின் உட்சுவரில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொள்ளும், அதோடு எண்ணெய்ச் சுரப்பியின் எண்ணெயும் சேர்ந்து துவாரம் அடைபடும். கண்ணுக்குத் தெரியாத இந்த அடைப்பு பருவாக வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். எட்டு வாரம் வரைகூடப் போகலாம். ஏற்கெனவே உள்ளே இருக்கும் அடைப்பு வீங்கிச் சிவப்பதுதான் ஓரிரு நாளில் நடக்கிற காரியம். அதனால் நேற்றுக் குடித்த காபிக்கும் இன்றைய பருவுக்கும் நேராக முடிச்சுப் போடாதீர்கள். காபி கூடிப்போன நாள் எப்படிப்பட்ட நாள் என்று யோசித்துப் பாருங்கள்: வேலை முடியாமல் விழித்திருந்த நாளாக இருக்கும், மன அழுத்தம் இருந்திருக்கும், மாதவிடாய்க்கு முந்தைய வாரமாகவும் இருந்திருக்கலாம். வயது வந்த பெண்களுக்குத் தாடைப் பரு அந்த வாரத்தில்தான் பெரும்பாலும் கிளம்புகிறது. காபியும் பருவும் ஒரே காரணத்தால் ஒன்றாக வந்திருக்கலாம்.

இங்கே எனக்கு ஒரு பழைய வழக்கு பாக்கி இருக்கிறது, அது சாக்லேட் வழக்கு. 1969-இல் அமெரிக்காவில் 65 பேருக்கு நாலு வாரம் தினமும் ஒரு சாக்லேட் கட்டி கொடுத்தார்கள், அதில் வழக்கத்தைவிடப் பத்து மடங்கு சாக்லேட். இன்னொரு நாலு வாரம் சாக்லேட்டே இல்லாத, பார்வைக்கு அதே மாதிரி ஒரு கட்டி. இரண்டிலும் பருவில் வித்தியாசம் இல்லை என்று முடிவு வந்தது. அதை வைத்துக்கொண்டு ‘சாப்பாட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தமில்லை’ என்று ஒரு தலைமுறையே சொல்லிவந்தது. ஆனால் அந்த இரண்டாவது கட்டியில் என்ன இருந்தது? கிட்டத்தட்ட அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும்! சோதித்தது கோகோவை, விடுதலை செய்தது மொத்தச் சாப்பாட்டையும். அதுவும் பரு உருவாக எடுக்கும் காலத்தைவிடக் குறைந்த நாளில். இந்த ஆராய்ச்சியை யாராவது இன்றும் ஆதாரமாகக் காட்டினால் எனக்குக் கோபம் வருகிறது.

காபியிலும் அதே கேள்விதான். குற்றம் சாட்ட வேண்டியது கொட்டையையா, கோப்பையில் கூடச் சேர்ப்பதையா? காபிக்கொட்டையோ அதில் இருக்கும் கஃபீனோ பருவை உண்டாக்குகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் எதுவும் இல்லை. சர்க்கரை விஷயம் அப்படியில்லை. இரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறினால் இன்சுலின் ஏறும், அதைத் தொடர்ந்து செல்களை வளரத் தூண்டும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனின் செயல்பாடு கூடும். அது எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டும், மயிர்க்கால் செல்களையும் பெருக்கும். நான் மேலே சொன்ன அடைப்புக்கு வேண்டிய இரண்டுமே இவைதான். 2007-இல் ஆஸ்திரேலியாவில் பரு உள்ள 43 இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் அவர்களுக்குச் சராசரியாக 24 பரு குறைந்தது, மற்றவர்களுக்கு 12.

பாலிலும் சந்தேகம் இருக்கிறது, ஆனால் அவ்வளவு உறுதியாக இல்லை. 2005-இல் வெளியான ஓர் ஆராய்ச்சிக்காக நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்க நர்சுகளிடம் பள்ளி நாட்களில் எவ்வளவு பால் குடித்தீர்கள், பரு இருந்ததா என்று கேட்டார்கள். அதிகம் குடித்தவர்களுக்குப் பரு கொஞ்சம் அதிகம், கொழுப்பு நீக்கிய பாலில்தான் அந்தத் தொடர்பு வலுவாகத் தெரிந்தது. ஞாபகத்தை நம்பிய கணக்கு என்பதால் இதை நிரூபணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். நாலு கப், எட்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு நாலு கிராம் என்றாலும் 32 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது, காபியிலேயே அது தாண்டிவிட்டது. கப்புக்கு நூறு மில்லி பால் என்றால் 400 மில்லி. அதனால் காபியை விடாதீர்கள், சர்க்கரையை விடுங்கள். பன்னிரண்டு வாரம், வாரம் ஒரு நாள் அதே வெளிச்சத்தில் நின்று பருவை எண்ணிக் குறித்து வையுங்கள், பக்கத்திலேயே மாதவிடாய்த் தேதியும். இந்த நாட்களில் புது க்ரீம், புது சோப்பு எதுவும் வேண்டாம், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். குறையவில்லை என்றால் அடுத்து பாலை நிறுத்திப் பாருங்கள். பரு ஆழமாக வலித்தாலோ தழும்பு விட்டாலோ, மாதவிடாய் ஒழுங்கு தப்பினாலோ இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், நேரே தோல் மருத்துவரிடம் போங்கள்.

கன்னமும் மூக்கும் சிவந்து, அதில் சிறு கட்டிகள் வருவது ரொசேஷியா என்ற வேறொரு தோல் நோயாகவும் இருக்கலாம், பலர் அதைப் பரு என்று நினைத்து மருந்து போடுகிறார்கள். அதற்கும் காபியைத்தான் குற்றம் சொல்வார்கள். சோதித்துப் பார்த்தபோது ஆறிய காபி முகத்தைச் சிவக்க வைக்கவில்லை, வெறும் வெந்நீர் சிவக்க வைத்தது.

சரி, வயசு. தோலுக்கு உறுதி தரும் புரதம் கொலாஜன். ‘கஃபீன் கொலாஜனை அழிக்கும்’ என்ற பேச்சு ஆய்வகத் தட்டில் வளர்த்த தோல் செல்களிலிருந்து வந்தது. கஃபீனை ஊற்றினார்கள், கொலாஜன் உற்பத்தி குறைந்தது, அது உண்மைதான். எவ்வளவு ஊற்றினார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. லிட்டருக்கு சுமார் 190 மில்லிகிராமும் அதற்கு மேலும். ஒரு கப்பில் 100 மில்லிகிராம் கஃபீன் இருந்து, அது 60 கிலோ உடம்பில் பரவினால் இரத்தத்தில் லிட்டருக்கு மூன்று மில்லிகிராம்கூடத் தேறாது. லிட்டருக்கு 80, 100 மில்லிகிராமைத் தொட்டாலே உயிருக்கு ஆபத்து. அந்தத் தட்டில் இருந்த அளவு உங்கள் இரத்தத்தில் இருந்தால் சுருக்கத்தைப் பற்றிக் கவலைப்பட நீங்களே இருக்க மாட்டீர்கள். இதைச் சொல்லாமல் பயமுறுத்திவிட்டு, அடுத்த மூச்சில் கொலாஜன் பொடி விற்பவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. தோலைச் சுருக்குவது முக்கியமாக வெயிலும் சிகரெட்டும்தான். காபி உடம்பில் தண்ணீரை வற்ற வைக்கும் என்பதும், தினமும் அளவாகக் குடிப்பவர்களிடம் சோதித்தபோது நிற்கவில்லை.

காபியின் மேல் எனக்கு இருக்கும் ஒரே நியாயமான புகார் தூக்கம். குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் ஆகும், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. படுக்க ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததாக 2013-இல் ஒரு சோதனை காட்டியது. தூக்கம் கெட்டவர்களின் தோல் வெயில்பட்ட சிவப்பிலிருந்து மெதுவாகத்தான் மீளுகிறது. நாலாவது கப்பை எத்தனை மணிக்குக் குடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சாயங்காலம் என்றால் அதை மட்டும் மதியத்துக்கு முன்னால் கொண்டுபோங்கள்.