பாஸ்புக் போட்டோ மட்டும் அனுப்பினா நான் எதைச் சொல்றது?

"சார், பாஸ்புக் பக்கம் போட்டோ அனுப்பியிருக்கேன். கொஞ்சம் பாத்து சொல்லுங்க." - வாசகர், திண்டுக்கல்

என்ன பாக்கணும்னு ஒரு வரி எழுதியிருந்தா நல்லாருந்திருக்கும். பாக்கி எவ்ளோன்னு கேக்குறீங்களா, தெரியாத பணம் ஏதோ போயிருக்குன்னு கேக்குறீங்களா, மொத்தம் கூட்டித் தரச் சொல்றீங்களா? இது மூணும் மூணு வேற வேலை. நான் யூகிச்சு ஒண்ணுக்குப் பதில் சொல்லி, நீங்க கேட்டது வேறயா இருந்தா இன்னும் ஒரு வாரம் வீணாப் போகும். அதனால மூணையும் இந்தப் பக்கத்தை வச்சே பாத்துடலாம். உங்க பேர், கணக்கு நம்பர் எல்லாம் எடுத்துட்டு வரிகளை மட்டும் போடுறேன். கடைசி எண் பாக்கி, அதுக்கு முன்னாடி இருக்கறது அன்னிக்கு வந்த இல்லன்னா போன தொகை.

```
01-05  B/F                            18,640.00
03-05  ATM WDL     5,000.00           13,640.00
05-05  ACH DR      1,850.00           11,790.00
12-05  BY CASH              4,000.00  15,790.00
17-05  UPI/DR        620.00           15,170.00
27-05  PMJJBY        436.00           14,734.00
27-05  PMSBY          20.00           14,714.00
```

முதல்ல பாக்கி. கடைசி வரியில 14,714 இருக்கு, ஆனா அது மே 27 அன்னிக்குள்ள கணக்கு. நீங்க போட்டோ அனுப்பினது ஜூலையில. நடுவுல என்ன வந்துச்சு என்ன போச்சுன்னு இந்தப் பேப்பருக்குத் தெரியாது. இன்னொண்ணு, பேங்க் ஏதாவது காரணத்துக்காக ஒரு தொகையை நிறுத்தி வச்சிருந்தா, லீன்னு சொல்வாங்க, அதுவும் பாஸ்புக்ல தெரியாது, பணம் இருக்குன்னு பாஸ்புக் காட்டும் ஏடிஎம் தராது. இன்னிக்குள்ள பாக்கி வேணும்னா பதிவு பண்ணின போன்லேர்ந்து உங்க பேங்கோட மிஸ்டு கால் நம்பருக்கு அடிங்க, நிமிஷத்துல மெசேஜ் வந்துரும், அதுக்குப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டியதே இல்ல.

ரெண்டாவது, தெரியாத டெபிட். நீங்க கேக்க வந்தது இதுதான்னு எனக்குத் தோணுது, ஏன்னா போட்டோல 436 பக்கத்துல பேனாவால லேசா ஒரு டிக் இருக்கு. அது திருட்டு இல்ல. பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டோட வருஷ பிரீமியம். கீழ இருக்கற 20 ரூபா சுரக்ஷா விபத்துக் காப்பீடு. ரெண்டுக்கும் வருஷம் ஜூன் 1 லேர்ந்து மறு மே 31 வரைக்கும், அதான் மே கடைசியில புடிக்கறாங்க. 2022க்கு முன்னாடி இதே ரெண்டும் 330, 12ன்னு இருந்துச்சு, பழைய பக்கத்தைத் திருப்பிப் பாத்தா அந்த எண்கள் இருக்கலாம். எப்பவோ கணக்கு தொடங்கும்போது குடுத்த ஃபாரம்ல கையெழுத்து போட்டிருப்பீங்க. வேணாம்னா கிளைக்கு ஒரு கடிதம் குடுத்தா நிறுத்திடுவாங்க. ஆனா நிறுத்தறதுக்கு முன்னாடி யோசிங்க, இறந்துபோனா குடும்பத்துக்கு 2 லட்சம் வரக்கூடிய விஷயம் இது. பாஸ்புக்ல இந்த வரி இருக்கறதே வீட்ல யாருக்கும் தெரியாம, கேக்காமலே விட்டுப்போன குடும்பங்களை எனக்குத் தெரியும். நாமினி யாருன்னு கிளையில கேட்டு வைங்க, அந்த வரியை வீட்ல ஒருத்தருக்காவது காட்டி வைங்க.

நீங்க டிக் அடிக்காம விட்ட 1,850ஐத்தான் நான் கேப்பேன். `ACH DR`ன்னா, மாசாமாசம் எடுத்துக்கலாம்னு நீங்க யாருக்கோ எழுதிக் குடுத்த அனுமதி, அதை மேண்டேட்னு சொல்றது. லோன் இஎம்ஐ, இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட் எதுவா வேணாலும் இருக்கலாம். முந்தின பக்கங்கள்ல ஒவ்வொரு மாசமும் 5ம் தேதி வாக்குல இதே தொகை இருக்கான்னு பாருங்க. இருந்தா நீங்க மறந்துபோன தவணை. இல்லன்னா உடனே கிளைக்குப் போய், எந்தக் கம்பெனியோட மேண்டேட், அதோட நம்பர் என்னன்னு எழுதி வாங்குங்க, பாஸ்புக்ல இடம் இல்லாம பேரு அறுந்து போயிருந்தாலும் அவங்க கம்ப்யூட்டர்ல முழுசா இருக்கும். ஒரு எச்சரிக்கை, லோன் பாக்கி இருக்கும்போது மேண்டேட்டை மட்டும் நிறுத்தினா கடன் தீராது, தவணை தவறினதா ஆயிடும்.

மூணாவது, கூட்டல். போனது எல்லாம் சேத்து 5,000, 1,850, 620, 436, 20, ஆக 7,926. வந்தது 4,000. ஆரம்ப பாக்கி 18,640ல 4,000 கூட்டி 7,926 கழிச்சா 14,714, சரியா வந்துருச்சு. நிறைய பேர் தப்பு பண்றது `B/F` வரியில, அது போன பக்கத்து பாக்கி இங்க வந்தது, அதையும் வரவுன்னு கூட்டிடறாங்க. கணக்கு இடிச்சா வித்தியாசத்தை 9ஆல வகுத்துப் பாருங்க, மீதியில்லாம போனா ரெண்டு இலக்கத்தை மாத்திப் போட்டிருக்கலாம், 620ஐ 260ன்னு எழுதினா வித்தியாசம் 360, அது 9ல வகுபடும். வித்தியாசத்துல பாதித் தொகைக்கு ஒரு வரி பக்கத்துல இருந்தா, வரவை செலவுல போட்டிருக்கீங்களான்னு பாருங்க.

"எனக்கு ரெண்டு பேங்க்ல கணக்கு. ரெண்டுலயும் 436 புடிச்சிருக்காங்க. ரெட்டிப்பு பணம் கிடைக்குமா?" - வாசகி, தஞ்சாவூர்

கிடைக்காது. ஒரு ஆளுக்கு ஒரு 2 லட்சம்தான், ரெண்டாவது பிரீமியம் வீண், ஒரு கிளையில இன்னிக்கே நிறுத்துங்க.

"அம்மாவுக்கு 63 வயசு. டெபாசிட் போடப் போனாங்க. இப்ப பாஸ்புக்ல 50,000 ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி பேர்ல போயிருக்கு. அடுத்த வருஷமும் கட்டணுமாம். அம்மா அழறாங்க." - வாசகர், விருதுநகர்

முதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க, அவங்க மேல தப்பு இல்ல. பேங்க் மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவங்க சொன்னதை நம்பினாங்க, அவ்ளோதான். அந்த நம்பிக்கையை வித்துத் தின்னவங்க மேலதான் தப்பு, இதைப் பத்தி நான் பல தடவை எழுதிட்டேன், இன்னும் எழுதுவேன். டெபாசிட்னு கேட்டு வர்ற வயசானவங்களுக்கு, "இதுல வட்டி ஜாஸ்தி"ன்னு சொல்லி பாலிசி ஃபாரம்ல கையெழுத்து வாங்கறது, வருஷாவருஷம் கட்டணும்ங்கறதை வாயே திறக்காம விடறது, பென்ஷன் வாங்கறவங்ககிட்ட பத்து வருஷ பாலிசி விக்கறது, இதெல்லாம் ஒரு தொழிலாவே நடக்குது. எனக்கும் நடந்துச்சு, ஒரு வங்கியில லாக்கர் கேட்டப்ப பாலிசி எடுத்தாதான் சாவின்னாங்க, எடுத்தேன், வருஷக்கணக்கா கட்டி போட்ட பணம் கூட முழுசா வரல. லாக்கருக்கு பேங்க் கேக்கக்கூடியது மூணு வருஷ வாடகையும் உடைக்கற செலவும் அடங்கற அளவுக்கு ஒரு டெபாசிட்தான், பாலிசி இல்ல, அது எழுத்துல ரிசர்வ் வங்கி சொன்னது.

இப்ப வேலைக்கு வரேன். பாலிசி பத்திரம் உங்க கைக்கு என்னிக்கு வந்துச்சு? அந்தத் தேதியிலேர்ந்து 30 நாள் வரைக்கும் காரணமே சொல்லாம திருப்பித் தரலாம், ஃப்ரீ லுக்னு பேரு. கவர்ல தபால் முத்திரை இருந்தா தூக்கிப் போடாதீங்க. ஃப்ரீ லுக்ல திருப்பறேன்னு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அம்மா கையெழுத்தோட கடிதம், மெயில்லயும் ஒண்ணு, கிளையில ஒரு நகல் குடுத்து சீல் வாங்கிக்குங்க. ஸ்டாம்ப் செலவு, மெடிக்கல் டெஸ்ட் எடுத்திருந்தா அதோட செலவு, காப்பீடு இருந்த நாட்களுக்கான சின்னத் தொகை, இதைக் கழிச்சுட்டு மிச்சம் வரும். கிளையில "நாங்க பாத்துக்கறோம், அடுத்த வாரம் வாங்க"ன்னு சொல்வாங்க, நம்பாதீங்க, அந்த 30 நாளைக் கரைக்கறதுக்குத்தான் பாதி நேரம் அப்படிச் சொல்றது. 30 நாள் தாண்டியிருந்தாலும் விடாதீங்க, டெபாசிட்னு பொய் சொல்லி வித்தாங்கன்னு கம்பெனிக்குப் புகார், அங்க தீரலன்னா இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், சென்னையிலயே ஆபீஸ் இருக்கு, கட்டணம் கிடையாது. அம்மா டெபாசிட்டுக்குன்னு எழுதின சலான் இருந்தா அதுதான் உங்க பலமான ஆதாரம்.

"நாலு மாசமா பாஸ்புக் பிரிண்ட் போடல. இப்ப போட்டா யூபிஐல 9,800 போயிருக்கு, நான் பண்ணல. பழைய நம்பர் மாத்திட்டேன், மெசேஜும் வரல. யாரைப் புடிக்கறது?" - வாசகர், ஓசூர்

நம்பரை மாத்திட்டு பேங்க்ல சொல்லாம இருந்தது கணக்கைத் தெருவுல திறந்து போட்டதுக்குச் சமம். பழைய நம்பர் வேற யாருக்காவது போயிருந்தா உங்க மெசேஜ் எல்லாம் அவங்களுக்குத்தான் போகும். இன்னிக்கு இந்த வரிசையில செய்ங்க. பேங்க் ஹெல்ப்லைன்ல யூபிஐயையும் கார்டையும் நிறுத்தச் சொல்லி புகார் நம்பர் வாங்குங்க. சைபர் குற்றப் புகார் நம்பர் 1930க்கு அடிங்க, `cybercrime.gov.in`ல பதிவு பண்ணுங்க. அப்புறம் கிளையில எழுத்துல புகார், அதோட புது நம்பரையும் பதிவு பண்ணிடுங்க.

பேங்க் தகவல் அனுப்பினதுலேர்ந்து மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா, தப்பு உங்க மேலயும் பேங்க் மேலயும் இல்லாத பட்சத்துல, உங்களுக்கு நஷ்டமே இல்லன்னு ரிசர்வ் வங்கி 2017ல சொல்லியிருக்கு. நாலு நாள்லேர்ந்து ஏழு நாள் வரை ஓரளவு உங்க தலையில, அதுக்கு மேல பேங்கோட கொள்கைப்படி. உங்க விஷயத்துல தகவல் எந்த நாள்ல போச்சுங்கறதுலதான் வாக்குவாதமே வரும், பழைய நம்பருக்கு அனுப்பிட்டோம்னு அவங்க சொல்வாங்க. ஆனா பண்ணினது நீங்கதான்னு நிரூபிக்க வேண்டியது பேங்க், நீங்க இல்ல, இதைப் புகார்ல எழுதுங்க. முப்பது நாள்ல பதில் வரலன்னாலோ வந்த பதில் சரியில்லன்னாலோ ரிசர்வ் வங்கியோட புகார் தளம் `cms.rbi.org.in`ல போடுங்க. முழுசா திரும்பும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன், லேட் ஆயிடுச்சு.

"பாஸ்புக்ல 295 ரூபா புடிச்சிருக்காங்க, பக்கத்துல ரிட்டர்ன்னு இருக்கு. நான் எதையும் ரிட்டர்ன் பண்ணலயே?" - வாசகி, ஈரோடு

திரும்பினது அநேகமா உங்க இஎம்ஐ. அன்னிக்குக் கணக்குல பணம் இல்ல, 250 அபராதம், 18 சதவீதம் ஜிஎஸ்டி 45. கடன் குடுத்தவங்களும் தனியா ஒண்ணு போட்டிருப்பாங்க, அங்கயும் கேளுங்க. சம்பளம் வர்ற தேதிக்கு அப்புறமா தவணைத் தேதியை மாத்தித் தரச் சொல்லி அவங்களுக்கு எழுதுங்க.

"பாஸ்புக் முதல் பக்கத்தையும் என்ட்ரியையும் சேத்து ஃபேமிலி குரூப்ல போட்டு மொத்தம் கூட்டச் சொன்னேன். ஆபத்தா?" - வாசகர், சேலம்

அழிங்க, இப்பவே. கணக்கு நம்பர் மட்டும் தெரிஞ்சா பணம் எடுக்க முடியாது, போடத்தான் முடியும். ஆனா உங்க பேரு, கிளை, கடைசி மூணு என்ட்ரி தெரிஞ்ச ஒருத்தன் போன் பண்ணி "சார், 12ம் தேதி 4,000 கட்டினீங்கல்ல, பேங்க்லேர்ந்து பேசறேன்"ன்னா நீங்க நம்பிடுவீங்க, ஓடிபி சொல்லிடுவீங்க. கூட்டணும்னா தொகை இருக்கற பகுதியை மட்டும் வெட்டி அனுப்புங்க.