பரீட்சைப் பதற்றம்: கேள்வி-பதில்

தேவகோட்டையிலிருந்து பிளஸ் டூ மாணவர்: கேள்வித்தாளைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கிறது. ஆழமாக மூச்சு இழுத்தால் தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப் போகிறது.

வேகவேகமாக இழுத்துத் தள்ளுகிறீர்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோவதால் வருவதுதான் அந்தச் சுற்றலும் மரப்பும். மூக்கு வழியாகச் சாதாரண அளவுக்கு இழுங்கள், நாலு எண்ணும் வரை. ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். வெளிமூச்சு நீண்டால்தான் இதயத் துடிப்பு இறங்கும். கேள்வித்தாளை வாசிக்கக் கொடுக்கும் பத்து நிமிடத்தில் முதல் ஒரு நிமிடம் இதற்குப் போதும். ஆனால் இன்றிலிருந்தே தினமும் ஐந்து நிமிடம் பழகியிருக்க வேண்டும். பரீட்சை ஹாலில் முதல்முறை செய்து பார்க்காதீர்கள்.

பள்ளத்தூர் மாணவர்: ராத்திரி இரண்டு மணி வரை காபி குடித்துப் படிக்கலாமா?

கூடாது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் காபியே வேண்டாம். படித்தது மண்டையில் பதிவதே தூக்கத்தில்தான். உங்கள் வயதுக்கு எட்டு மணி நேரம் வேண்டும்.

காரைக்குடி மாணவி: அட்டவணை போட்டு நாலாவது நாளே விட்டுவிடுகிறேன். எனக்கு மன உறுதி இல்லையா?

அட்டவணையையும் அனுப்பியிருக்கிறீர்கள். ஐந்து கலரில் அழகாக இருக்கிறது. பள்ளி நாளில் எட்டு மணி நேரப் படிப்பு, 'இயற்பியல்: நிலை மின்னியல் முழுதும்' என்று ஒரே வரி. இந்தக் கலர் பேனா வியாதியை வருஷா வருஷம் பார்க்கிறேன். மன உறுதியில் குறையில்லை, கணக்கில்தான் பிழை.

தூக்கத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஐந்தரைக்கு எழ வேண்டுமென்றால் ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும். ஐந்து மணிக்கு வீடு வருகிறீர்கள். குளியல், சாப்பாடு, அப்பத்தாவோடு வளவில் உட்கார்ந்து பேசுவது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். மிச்சம் மூன்று மணி நேரம்தான். அதிலும் இரண்டேகால் மணி நேரத்துக்கு மட்டும் வேலை வையுங்கள். எந்தப் பாடமும் நினைத்ததைவிட இழுக்கும்.

'நிலை மின்னியல் முழுதும்' இலக்கே இல்லை, முடிந்ததா என்று எப்படித் தெரியும்? 'மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம்: புத்தகத்தை மூடிவிட்டு எழுத வேண்டும், கூலூம் விதிக் கணக்கு நாலு' என்று எழுதுங்கள். அது இலக்கு. எழுத வந்தால் டிக், வராவிட்டால் நாளைக்கு. மூன்று நாள் எதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து, நாலாம் நாள் அதற்கேற்பக் குறையுங்கள். ஞாயிறு மதியத்தைக் காலியாக விடுங்கள், தேங்கியது அங்கே போகும். தூக்கத்தில் மட்டும் கடன் வாங்காதீர்கள்.

பெயரும் ஊரும் போடாத ஒருவர்: டென்ஷனாக இருக்கிறது, என்ன செய்ய?

எந்த வகுப்பு, எந்தப் பாடம், பரீட்சைக்கு எத்தனை நாள் இருக்கிறது? ஒன்றும் எழுதாமல் என்னிடம் ஜோசியமா கேட்கிறீர்கள்?

கானாடுகாத்தான் தாயார்: மகன் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. 'இருந்து என்ன பண்ண' என்கிறான்.

அட்டவணையும் மூச்சுப் பயிற்சியும் இதற்கு உதவாது. அவனைத் தனியே விடாதீர்கள். இன்றே 14416-க்கு, அரசின் டெலி மானஸ் எண்ணுக்கு, போன் செய்யுங்கள். இலவசம், தமிழில் பேசலாம். நாளையே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மார்க் பேச்சை வீட்டில் யாரும் எடுக்க வேண்டாம்.